கடைக்காரரின் ஞாயிறு இரவுத் தாள்

வாரக் கணக்கை ஒரே தாளில் காட்டும் டேஷ்போர்டு, மளிகைக் கடைக்காரருக்கு மூன்று கேள்விகளில் உதவ வேண்டும். திங்கட்கிழமை காலையில் எந்தெந்தச் சரக்குக்கு ஆர்டர் சொல்வது? இந்த வாரம் யாருக்கு எந்த நாளில் பணம் கொடுப்பது? வெளியே நிற்கும் கடனில் யாரிடம் முதலில் கேட்பது? விற்பனை கூடியதா குறைந்ததா என்பது நான்காவது கேள்விதான். எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்க ஆசைப்படுவார்கள். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அன்றிரவே செய்யக்கூடியது பெரும்பாலும் எதுவும் இருக்காது.

தாளைத் தயாரிப்பவர் வழக்கமாக எதிர்த் திசையிலிருந்து தொடங்குகிறார். பில் போடும் மென்பொருளைத் திறந்தால் அதில் பல வகை அறிக்கைகள் வரிசையாக நிற்கும். கிடைப்பதையெல்லாம் எடுத்து, வண்ணம் பூசி, நான்கு பக்கத்துக்கு அடுக்கிக் கொடுத்துவிடுகிறார். முதலாளி முதல் வாரம் ஆர்வமாகப் பார்ப்பார், இரண்டாவது வாரம் புரட்டுவார், மூன்றாவது வாரம் அந்தத் தாளில் வெல்லம் மடித்துக் கொடுத்துவிடுவார். தவறு அவருடையது அல்ல. எடுக்க வேண்டிய முடிவை முதலில் எழுதி, அந்த முடிவுக்கு எந்த எண் தேவை என்று கேட்டு, அந்த எண்ணை மட்டும் தேடிப் போயிருந்தால் நான்கு பக்கம் ஒரு பக்கமாகச் சுருங்கியிருக்கும்.

மாவட்டத் தலைநகர் ஒன்றின் கடைவீதியில் இருக்கும் நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளலாம். பில் போட ஒரு கணினி, இரண்டு மூன்று வேலையாட்கள், வாரத்துக்குச் சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய் விற்பனை. ரொக்கம், யூபிஐ, நோட்டுக் கடன் என்று மூன்று வழியிலும் வியாபாரம் நடக்கிறது. அரிசியும் பருப்பும் மண்டியிலிருந்து வருகின்றன. சோப்பு, பிஸ்கட் போன்றவை ஏஜென்சிகள் மூலம் வருகின்றன. இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. கணக்கின் போக்கு எந்தக் கடைக்கும் பொருந்தும்.

முதலாளிக்குக் கிடைப்பது ஞாயிறு இரவு கடை சாத்திய பிறகு பத்து நிமிடம். ஒரு எண்ணைப் பார்த்து, அது சரியா தவறா என்று யோசித்து, என்ன செய்வதென்று தீர்மானிக்க அரை நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்தில் இருபது எண்களுக்கு மேல் போக முடியாது. இடையில் குறிப்பு எழுதவும் ஒரு போன் பேசவும் நேரம் வேண்டும். ஆகவே தாளில் முக்கியமான எண்கள் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. பதின்மூன்றாவது எண்ணைச் சேர்க்க விரும்புபவர், ஏற்கெனவே இருப்பதில் எதை நீக்குவது என்று சொல்லிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பணம்: வார முடிவும் புதன்கிழமையும்

தாளின் மேல் பகுதி பணத்துக்கு. இங்கே பலரும் செய்யும் பிழை, வாரம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கூட்டல் கழித்தல் போடுவது. நம் கடையில் ஞாயிறு இரவு கல்லாவில் 41,000 ரூபாய், வங்கியில் 68,000, ஆக மொத்தம் 1,09,000. கடன் விற்பனையைத் தவிர்த்து நாளொன்றுக்குச் சராசரியாக 26,000 ரூபாய் உள்ளே வருகிறது. ஏழு நாளுக்கு 1,82,000. பழைய கடன் வசூல் 25,000 எதிர்பார்க்கலாம். கொடுக்க வேண்டியது மொத்தம் 2,28,000. கூட்டிக் கழித்தால் அடுத்த ஞாயிறு 88,000 ரூபாய் கையில் நிற்கும். தாளில் இந்த ஒரு எண் மட்டும் இருந்தால் முதலாளி நிம்மதியாகத் தூங்கப் போவார்.

அதே கணக்கை நாள்வாரியாகப் போட்டால் கதை மாறுகிறது. எண்ணெய் ஏஜென்சிக்குச் செவ்வாயன்று 48,000. அரிசி மண்டிக்குப் புதன் காலை 1,20,000. மற்ற ஏஜென்சிகளுக்கு வெள்ளியன்று 39,000, சனிக்கிழமை சம்பளம் 21,000. புதன் காலை கடை திறக்கும்போது திங்கள், செவ்வாய் வரவையும் சேர்த்தால் 1,61,000 தான் தேறும். அதற்குள் கொடுக்க வேண்டியதோ 1,68,000. ஏழாயிரம் துண்டு விழுகிறது. வார முடிவில் எண்பத்தெட்டாயிரம் உபரியாக இருக்கும் கடை, நடு வாரத்தில் மண்டிக்காரர் முன்னால் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

அதனால் தாளில் பெரிய எழுத்தில் வர வேண்டிய பண எண், வாரத்தின் மிகத் தாழ்ந்த நாளும் அன்றைய இருப்பும்தான்: 'புதன் காலை, 7,000 குறைவு'. அதன் கீழே ஏழு நாளுக்கும் ஒரு சிறு வரிசை. வார முடிவு இருப்பு ஓரத்தில் சின்னதாக இருந்தால் போதும். பழைய கடன் வசூலை இந்த நாள்வாரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வரும் என்று நம்புவது வேறு, வந்தது வேறு. கடன் கணக்கு கீழே தனியாக வருகிறது. அங்கிருந்து ஏழாயிரத்தை எப்படி எடுப்பது என்று முதலாளியே பார்த்துக்கொள்வார்.

இந்தப் பகுதிக்கு வேண்டிய விவரம் பில் மென்பொருளில் பெரும்பாலும் முழுதாக இருப்பதில்லை. வாங்கிய சரக்கின் பில் பதிவாகியிருக்கும். ஆனால் எந்த நாளில் பணம் தருவதாக வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டார்கள் என்பது முதலாளியின் தலையில்தான் இருக்கும். அதைத் தாளுக்குக் கொண்டுவர ஒரு சிறு பழக்கம் வேண்டும்: சரக்கு இறங்கும்போதே பில்லின் மூலையில் பணம் தர வேண்டிய தேதியை எழுதிவிடுவது.

சரக்கு: எத்தனை நாள் தாங்கும்

சரக்குப் பட்டியலை முழுதாகத் தருவதில் பயனில்லை. கடையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகள் இருக்கும். முதலாளிக்கு வேண்டியது, அடுத்த லோடு வருவதற்குள் தீர்ந்துவிடக்கூடிய ஏழெட்டு மட்டுமே. அவற்றைப் பிரித்தெடுக்கும் கணக்கு எளிது. இருப்பை ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியும். ஆர்டர் சொன்ன நாளிலிருந்து சரக்கு இறங்கும் வரை ஆகும் நாட்களோடு பாதுகாப்புக்கு இரண்டு நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாங்கும் நாள் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த உருப்படி பட்டியலில் ஏறும்.

கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. துவரம் பருப்பு 42 கிலோ இருக்கிறது. போன வாரம் விற்றது 36 கிலோ. ஏழால் வகுத்தால் நாளுக்கு ஐந்து கிலோ சொச்சம். இருப்பு எட்டு நாள் தாங்கும் என்று கணினி சொல்கிறது. திங்கள் ஆர்டர் சொன்னால் வெள்ளி வந்துவிடும், அதாவது நான்கு நாள். பாதுகாப்பு இரண்டு நாள் சேர்த்தால் ஆறு. எட்டு நாள் தாங்கும் சரக்கு பட்டியலில் ஏறாது. ஆனால் போன வாரம் மூன்று நாள் துவரம் பருப்பே கடையில் இல்லை. 36 கிலோவும் நான்கே நாளில் போனது, அதாவது நாளுக்கு 9 கிலோ. அப்படிப் பார்த்தால் இருப்பு ஐந்து நாளுக்குக்கூடத் தாங்காது. இல்லாத நாளில் விற்காததை விருப்பமில்லாததாக எண்ணிக்கொண்டு, கணினி மறுபடியும் குறைவாகவே ஆர்டர் சொல்ல வைக்கும்; அதனால் மறுபடியும் தீரும். நன்றாக ஓடும் சரக்கு இப்படித்தான் ஒரு கடையில் வாரம் தவறாமல் தீர்ந்துபோகிறது. வாடிக்கையாளரும் பருப்போடு சேர்த்து வாங்க வந்த புளியையும் மிளகாயையும் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்கிறார்.

ஆகவே நாள் விற்பனையைக் கணக்கிடும்போது சரக்கு கையில் இருந்த நாட்களால் மட்டுமே வகுக்க வேண்டும். அதற்குத் தீர்ந்த நாளைக் குறித்துவைக்க ஓர் ஏற்பாடு தேவை. மென்பொருளில் இருப்பு பூஜ்யத்தைத் தொட்ட தேதியை எடுக்கலாம். அது நம்பகமாக இல்லாத கடையில் பில் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு மாட்டி, 'இல்லை' என்று வாடிக்கையாளரிடம் சொன்ன சரக்கை அப்போதே எழுதவைப்பது இன்னும் சிறந்தது. கடையில் எப்போதுமே இல்லாத பொருளைக் கேட்டவர்களின் கணக்கும் அதில் கிடைக்கும். எந்த மென்பொருளும் அதைத் தராது.

மறுபக்கம் கிடப்புச் சரக்கு. அறுபது நாளாக ஒன்றுகூட விற்காத உருப்படிகளின் அடக்க விலையைக் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டால் போதும், கூடவே பெரிய தொகை முடங்கிய மூன்று பெயர்கள். இதை வாராவாரம் விவரமாகக் காட்டினால் அலுப்புத்தான் மிஞ்சும். கிடப்புச் சரக்கு ஒரு வாரத்தில் மாறிவிடுவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை, முதல் வாரம் முடிந்த ஞாயிறன்று மட்டும் அந்தப் பெயர்கள் வந்தால் கவனம் கிடைக்கும்.

கடன்: தொகையும் வயதும்

வெளியே நிற்கும் கடன் மொத்தம் 1,38,000 ரூபாய் என்று மட்டும் சொன்னால் அது பெருமூச்சு விடத்தான் உதவும். அதே தொகையை வயதுவாரியாகப் பிரித்தால் பேச ஆரம்பிக்கும்: முப்பது நாளுக்குள் 82,000, முப்பதிலிருந்து அறுபது நாள் 31,000, அறுபதைத் தாண்டியது 25,000. முதல் பங்கு மாதச் சம்பளம் வாங்கும் வீடுகளின் வழக்கமான பற்று. தேதி வந்தால் தானாகத் தீரும். கடைசிப் பங்கு ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாக ஏறுகிறது என்றால், மொத்தக் கடன் அசையாமல் இருந்தாலும் நிலைமை கெடுகிறது என்று பொருள்.

இதற்குக் கீழே ஐந்து வரிகள் போதும். எவ்வளவு பாக்கி, கடைசியாக எப்போது கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார். பாக்கி அதிகமுள்ளவரை மேலே போடுவதுதான் வழக்கம். ஆனால் 20,000 பாக்கி வைத்து வாரம் தவறாமல் 5,000 கட்டும் ஹோட்டல்காரரைவிட, 6,000 பாக்கி வைத்து ஏழு வாரமாகக் கடைப்பக்கமே வராதவர்தான் கவலைக்குரியவர். எனவே வரிசையைக் கடைசி வரவின் தேதிப்படி வைப்பது நல்லது. நம் கடையில் ஒரு டீக்கடை 14,000 பாக்கி வைத்திருக்கிறது. வழக்கமாக முதல் வாரத்தில் கட்டிவிடும் அது இம்முறை கட்டவில்லை. திங்கள் காலை அந்த ஒரு போனில் பாதித் தொகை வந்தாலே புதன்கிழமைப் பள்ளம் தூர்ந்துவிடும். பணப் பகுதியும் கடன் பகுதியும் ஒரே தாளில், ஒரே பார்வையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். இரண்டாம் பக்கத்தில் கடன் இருந்தால் இந்த முடிச்சு கண்ணில் படாது.

கடன்காரர் பெயரைத் தாளில் அச்சிட வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாள் மேசைமேல் கிடக்கும், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும். கடன் நோட்டின் பக்க எண்ணைப் போட்டால் முதலாளிக்குப் புரியும். மற்றவருக்கு அது வெறும் எண்.

விற்பனை: எதோடு ஒப்பிடுவது

விற்பனை எண்ணை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுவதுதான் எங்கும் நடக்கிறது. தமிழ்நாட்டு மளிகைக் கடைக்கு இதைவிடக் குழப்பமான ஒப்பீடு கிடையாது. மாதத் தொடக்கத்தில் சம்பளம் வந்ததும் வீடுகள் மாதச் சாமான் பட்டியலோடு வருகின்றன. அந்த வாரம் விற்பனை எகிறும், அடுத்த வாரம் இறங்கும். முந்தைய வாரத்தோடு ஒப்பிடும் தாள் மாதம் ஒருமுறை முதலாளியை மகிழ்வித்து, மாதம் ஒருமுறை அநாவசியமாகப் பயமுறுத்தும். சம்பள வாரத்தைப் போன மாதத்துச் சம்பள வாரத்தோடும், சாதாரண வாரங்களைச் சாதாரண வாரங்களோடும் ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும்.

போன வருடத்தோடு ஒப்பிடுவதிலும் இதே சிக்கல் உண்டு. பொங்கல் ஆங்கிலத் தேதியில் அநேகமாக நிலையாக நிற்கும், தீபாவளி நிற்காது. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. 2025 அக்டோபர் மூன்றாம் வார விற்பனையை 2024இன் அதே வாரத்தோடு வைத்தால் கடை திடீரென்று கொழித்ததுபோலத் தோன்றும். பத்து நாள் கழித்து அதே கடை திவாலாவதுபோலத் தோன்றும். பண்டிகைக் காலத்தில் 'தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்' என்று எண்ணி, போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன் நடந்ததோடு ஒப்பிட வேண்டும். புரட்டாசியில் முட்டையும் கறி மசாலாவும் குறைவது கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். தாளைச் செய்பவருக்குத் தெரியாவிட்டால் அதற்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார்.

ஒத்த வாரங்களை ஒப்பிட்டாலும் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. எவ்வளவு குறைந்தால் குறைந்தது என்று சொல்லலாம்? இரண்டு வாரத்து விற்பனை ஒரேபோல் இருப்பதில்லை. மழை, முகூர்த்த நாள், எதிர்க்கடை விடுமுறை என்று சிறு காரணங்கள் எப்போதும் இருக்கும். இந்த இயல்பான ஆட்டத்தையும் நிஜமான மாற்றத்தையும் பிரித்துப் பார்க்கும் வழியை 1924இல் வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலைக்காக வகுத்தார். ஆட்டத்தின் எல்லைகளை அந்த எண்களிலிருந்தே கணக்கிட்டு எடுப்பது அவருடைய யோசனை. அதன் எளிய வடிவம் ஒன்று மளிகைக் கடைக்கும் நன்றாக உதவும்.

நம் கடையின் சாதாரண வாரங்கள் பத்தை எடுக்கலாம். விற்பனை ஆயிரம் ரூபாய்களில்: 212, 224, 207, 219, 228, 215, 209, 221, 226, 214. சராசரி 217.5. அடுத்தடுத்த வாரங்களுக்கு இடையிலான வித்தியாசங்களை, கூடியதா குறைந்ததா என்று பாராமல் எடுத்தால் 12, 17, 12, 9, 13, 6, 12, 5, 12. அவற்றின் சராசரி சுமார் 10.9. இதை 2.66 என்ற நிலையான எண்ணால் பெருக்கினால் 29 வருகிறது. சராசரியிலிருந்து 29 கழித்தால் கீழ் எல்லை, கூட்டினால் மேல் எல்லை. அதாவது 1,88,500க்கும் 2,46,500க்கும் இடையில் விற்பனை எங்கே இருந்தாலும் அது இந்தக் கடையின் இயல்பு. விரிதாளில் விற்பனை B பத்தியிலும் வித்தியாசம் C பத்தியிலும் இருந்தால், C3 கட்டத்தில் முதல் வரியை இட்டு C11 வரை இழுத்துவிட வேண்டும். இரண்டாவது வரி கீழ் எல்லையைத் தரும்:

```
=ABS(B3-B2)
=AVERAGE(B2:B11)-2.66*AVERAGE(C3:C11)
```

இந்த வாரம் விற்பனை 2,03,000 என்று வைப்போம். போன சாதாரண வாரத்தைவிட ஐந்து சதவீதம் குறைவு. வழக்கமான தாள் இதற்குச் சிவப்பு அம்புக்குறி போட்டிருக்கும். முதலாளி பத்தில் நான்கு நிமிடத்தை 'ஏன் குறைந்தது' என்று யோசிப்பதில் கழித்திருப்பார். வேலையாள் ஒருவருக்குத் திட்டும் விழுந்திருக்கும். எல்லைக்கோடு உள்ள தாளில் 2,03,000 எந்த அடையாளமும் இல்லாமல் நிற்கும், ஏனென்றால் காரணம் தேட வேண்டிய அளவு எதுவும் நடக்கவில்லை. 1,84,000க்கு விழுந்திருந்தால் அது எல்லைக்கு வெளியே. காரணம் தேடியே ஆக வேண்டும். ஒவ்வொரு வாரமும் எல்லைக்குள்ளேயே இருந்தாலும், தொடர்ந்து எட்டு சாதாரண வாரங்கள் சராசரிக்குக் கீழேயே கிடந்தால் அதுவும் ஒரு சேதி. தெருமுனையில் புதிதாகத் திறந்த கடை ஒன்று மெல்ல மெல்ல ஆட்களை இழுப்பது இப்படித்தான் முதலில் தெரியும்.

பத்து வாரத்தை வைத்துப் போட்ட எல்லை தற்காலிகமானதே. வாரங்கள் சேரச் சேரத் திருத்திக்கொள்ள வேண்டும். தீபாவளி வாரத்தையும் சம்பள வாரத்தையும் அதில் கலந்துவிட்டால் எல்லைகள் விரிந்து, எதுவுமே வெளியே விழாத அளவுக்கு மழுங்கிப்போகும்.

விற்பனைக்குப் பக்கத்தில் லாபம் ஒரு எண். விற்ற தொகையில் அடக்கம் போக மிஞ்சியது எவ்வளவு என்பதுதான் அது. இங்கே இரண்டு இடங்களில் கணக்கு கெடும். ஒன்று ஜிஎஸ்டி. பில் தொகையில் இருக்கும் வரி கடையின் பணமல்ல. அதைக் கழித்துவிட்டுத்தான் லாபம் பார்க்க வேண்டும். காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கு வேறு கணக்கு. வாங்கும்போது கட்டிய வரி அங்கே திரும்பக் கிடைக்காது, ஆகவே அது அடக்கத்தோடு சேரும். இன்னொன்று ஏஜென்சிகள் தரும் சலுகைச் சரக்கு. பத்துக்கு ஒன்று இலவசம் என்று வந்ததைப் பதினொன்றாகப் பதியாமல் பத்தாகப் பதிந்தால் அடக்கம் கூடித் தெரியும், இருப்பும் குறைந்து தெரியும். லாபம் திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ வியாபாரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் கொள்முதல் பதிவைச் சந்தேகிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எண்களை நம்பலாமா

தாளின் அடியில் ஒரு வரி இந்தக் கேள்விக்காகவே ஒதுக்கப்பட வேண்டும். அதில் இரண்டு எண்கள் போதும். கணக்கில் இருப்பு மைனஸில் போன உருப்படிகள் எத்தனை என்பது ஒன்று. இல்லாத சரக்கை யாரும் விற்க முடியாது. மைனஸ் காட்டினால் கொள்முதல் பதிவாகவில்லை, அல்லது ஒரு பொருளுக்குப் பதில் இன்னொரு பொருளின் பெயரில் பில் போடப்படுகிறது என்று அர்த்தம். கல்லாவில் எண்ணிய பணத்துக்கும் பில்படி இருக்க வேண்டிய பணத்துக்கும் உள்ள வித்தியாசம் மற்றொன்று. சில்லறை வித்தியாசம் எப்போதும் இருக்கும். அதை ஒரு நாளும் குறையாமல் பூஜ்யம் என்று எழுதிவரும் கடையில்தான் யாரோ சரிக்கட்டுகிறார்கள். வழக்கமாக ஐந்தாறு இருக்கும் மைனஸ் உருப்படிகள் ஒரு வாரம் நாற்பதானால், அந்த வாரச் சரக்குப் பட்டியலை முதலாளி நம்பாமல் அலமாரியைப் போய்ப் பார்ப்பது நல்லது. இந்த ஒரு வரியைத் தாங்களாகப் போட்டுக்கொள்ளும் டேஷ்போர்டுகள் மிகக் குறைவு.

தாளின் முகம்

ஒரே பார்வையில் அடங்க வேண்டும் என்பது டேஷ்போர்டு வடிவமைப்பில் பழைய விதி. ஸ்டீபன் ஃபியூ 2006இல் இந்தத் துறைக்கென்றே எழுதிய நூலில் வலியுறுத்தியதும் அதைத்தான். கடைக்காரருக்கு ஏ4 தாள் ஒரு பக்கம், அல்லது போன் திரையில் நீளவாக்கில் ஒரு படம். போனுக்கென்றால் பத்திகளைப் பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய தாள் அந்தப் பத்து நிமிடத்தில் பாதியைத் தின்றுவிடும்.

வட்டப் படங்களுக்கும் வேகமானி முள்ளுக்கும் இங்கே இடமில்லை. கோணத்தையும் பரப்பையும்விட ஒரே அடிக்கோட்டில் நிற்கும் நீளங்களையும் புள்ளிகளையும் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று கிளீவ்லண்டும் மெக்கில்லும் 1984இல் சோதனை செய்து காட்டினார்கள். கடன் வயதுக்கு மூன்று கிடைப்பட்டைகள், விற்பனைக்கு எல்லைக்கோடுகளோடு ஒரு சிறு கோடு, மீதி எல்லாம் வெறும் எண்கள். எண்களையும் முழுதாக எழுதத் தேவையில்லை. 2,17,463.50 என்பதைவிட 2.17 லட்சம் வேகமாகப் படிக்கப்படும். மில்லியன் கணக்கில் காற்புள்ளி போடும் மென்பொருளை லட்சக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் 217,463 என்பதை மனசுக்குள் மாற்றிப் படிப்பதிலேயே நேரம் போகும்.

நிறம் ஒன்றே ஒன்று போதும். அதுவும் செய்ய வேண்டிய வேலை இருக்கும் இடத்தில் மட்டும். எல்லாம் சரியாக இருக்கும் எண்ணுக்குப் பச்சை பூசினால் தாள் முழுக்கக் கண்ணை இழுக்கும், எதுவும் தனித்து நிற்காது. சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் ஆண்கள் பலர் இருக்கிறார்கள். கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் நிறம் போய்விடும். எனவே நிறத்தோடு ஒரு கட்டமோ தடித்த எழுத்தோ துணைக்கு இருக்க வேண்டும்.

தாள் சரியாக அமைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முதலாளியிடம் 'நல்லா இருக்கா' என்று கேட்பது வீண். நல்லாத்தான் இருக்கிறது என்பார். தாளைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். நாளைக்கு யாருக்குப் போன் செய்வீர்கள்? எந்தச் சரக்குக்கு ஆர்டர் சொல்வீர்கள்? இந்த வாரம் பணம் எந்த நாள் இறுக்கும்? பதில் தயங்கி வந்தால் அந்தப் பகுதியைத் திருத்த வேண்டும். எந்த எண்ணிடம் போய்க் கண் நின்று குழம்புகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே புரிந்துவிடும்.

தயாரிக்கும் வேலை பில் மேசையில் இருப்பவருடையது. கடைசி பில் போட்டதும் மென்பொருளிலிருந்து மூன்று அறிக்கைகளை இறக்கி, விரிதாளில் ஒட்டி, கொடுக்க வேண்டிய தேதிகளையும் சிலேட்டில் எழுதியதையும் கையால் சேர்க்க அரை மணி நேரம் ஆகலாம். ஞாயிறு இரவுக்கு வர வேண்டிய தாள் செவ்வாய் மதியம் வந்தால் ஆர்டர் சொல்லும் நாளும் மண்டிக்காரரிடம் பேசும் நாளும் கடந்திருக்கும். முழுமையான தாள் தாமதமாக வருவதைவிட லாப எண் இல்லாத தாள் நேரத்துக்கு வருவது மேல். லாபத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

தாளின் வலது ஓரத்தில் அச்சு எதுவும் இல்லாமல் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விட வேண்டும். முதலாளி பேனாவால் எழுதுவதற்கு அது. 'துவரை 2 மூட்டை. டீக்கடைக்குக் காலையில் போன். மண்டிக்குப் பாதி புதன், மீதி வெள்ளி, கேட்டுப் பார்ப்பது.' அடுத்த ஞாயிறு வரும் தாளின் முதல் வரியில், எந்த எண்ணுக்கும் முன்பாக, இந்த மூன்று குறிப்பும் அப்படியே அச்சாகியிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் நடந்ததா இல்லையா என்று டிக் போட ஒரு சிறு கட்டம்.